பவுடருக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன?

தமிழ் வீடுகளில் முக அலங்காரத்துக்குப் பல தலைமுறைகளாக ஒரே வரிசைதான். முகத்தைக் கழுவு, துடை, பவுடர் போடு, மை தீட்டு, பொட்டு வை. உள்ளங்கையில் டால்கம் பவுடரைக் கொட்டி, இரு கைகளையும் தேய்த்து முகத்தில் ஒற்றிக்கொள்வதைப் பிள்ளைகள் அம்மாவைப் பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள். அந்த அலங்காரத்தில் பவுடர்தான் அடிப்படை. அதற்கு மேல் வேறு பூச்சு எதுவும் வருவதில்லை. அதனால் அது முதலில் வந்ததில் தவறும் இல்லை.

சிக்கல் தொடங்குவது, அதே வீட்டுப் பெண் முதல்முறையாக ப்ரைமர், ஃபவுண்டேஷன், கன்சீலர், ப்ளஷ் என்று வாங்கி வந்து கண்ணாடி முன் உட்காரும்போது. பழக்கத்தில் கை முதலில் பவுடர் டப்பாவுக்குப் போகிறது. பிறகு அதன் மேல் திரவமான ஃபவுண்டேஷன் இறங்குகிறது. சில நிமிடங்களில் மூக்கோரத்தில் திட்டுத் திட்டாகப் படிகிறது. கன்னத்தில் கோடு விழுகிறது. நெற்றி வெளுத்தும் கழுத்து கறுத்தும் தெரிகின்றன. ‘எனக்கு மேக்கப் செட்டே ஆகாது’ என்று எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்துவிடுகிறாள். பெரும்பாலும் பொருளில் குறை இருக்காது. வரிசைதான் மாறிப் போயிருக்கும்.

சரியான வரிசை இதுதான்: சருமத்தைத் தயார் செய்த பிறகு ப்ரைமர், அதன் மேல் ஃபவுண்டேஷன், அதன் மேல் கன்சீலர், பிறகு பவுடர், பிறகு ப்ளஷ், கடைசியில் புருவம். இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இதற்குள் ஒரே ஒரு விதி இருக்கிறது. ஈரமானதும் பிசுபிசுப்பானதும் முதலில், உலர்ந்தது பிறகு.

காரணம் எளிது. பவுடரின் வேலையே எண்ணெயையும் ஈரத்தையும் உறிஞ்சுவது. ஃபவுண்டேஷனும் கன்சீலரும் எண்ணெய், மெழுகு, சிலிகான், தண்ணீர் ஆகியவற்றில் நிறமித் தூளைக் கலந்து செய்யப்படுபவை. காய்ந்த பவுடர் மேல் இவை பட்டால், பட்ட இடத்திலேயே திரவத்தைப் பவுடர் இழுத்துக்கொள்ளும்; நிறமி அங்கேயே கட்டிப்பட்டு நின்றுவிடும். அதற்கு மேல் எவ்வளவு தேய்த்தாலும் பரவாது. அடியில் இருக்கும் பவுடரும் சேர்ந்து உரியும். மாறாக, ஈரப் பூச்சுகள் எல்லாம் முடிந்த பிறகு பவுடர் வந்தால், மேலே மிஞ்சி நிற்கும் பிசுபிசுப்பை மட்டும் அது எடுத்துக்கொண்டு அடியில் இருப்பதை அசையாமல் பிடித்து வைக்கும்.

நாடக மேடையிலும் இதே முறைதான் இருந்தது. கொழுப்பில் குழைத்த வண்ணக் குச்சிகளை முகத்தில் பூசி, மேலே பவுடர் தூவி இறுக்குவது 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மேடையின் வழக்கம். பிறகு ஹாலிவுட்டில், வண்ணப் படங்களுக்காக மேக்ஸ் ஃபேக்டர் நிறுவனம் 1937-இல் ‘பேன்-கேக்’ என்ற பூச்சைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே அது சாதாரணப் பெண்களுக்கும் கடையில் கிடைத்தது. ஸ்டுடியோவின் பூச்சு வீட்டுக் கண்ணாடி முன் வந்து சேர்ந்த கதையில் அது ஒரு முக்கியமான கட்டம்.

இனி ஒரு முகத்தை எடுத்துக்கொண்டு வரிசையாகப் பார்க்கலாம். மாநிறமான இளம்பெண் ஒருத்தி. நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் வழியும், கன்னம் சாதாரணம். கண்ணுக்குக் கீழே கருவளையம், வாயைச் சுற்றிக் கொஞ்சம் கருமை, கன்னத்தில் பரு வந்து போன இரண்டு தழும்புகள். மே மாதச் சென்னையில் காலை பத்து மணிக்குத் தோழியின் நிச்சயதார்த்தம். நம் ஊரில் மிகப் பரவலாகக் காணக்கூடிய முகம், மிகப் பரவலாக வரும் தேவை.

முகம் கழுவி, மாய்ஸ்சரைசரை மெல்லியதாகத் தடவி, அது உள்ளே இறங்க இரண்டு மூன்று நிமிடம் விட வேண்டும். பகல் நேரம் என்பதால் சன்ஸ்கிரீனும் உண்டு. அது படிய ஐந்து நிமிடமாவது தேவை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிகம் அவசரப்படும் இடம் இது. சன்ஸ்கிரீன் வழுவழுவென்று இருக்கும்போதே ப்ரைமரைத் தேய்த்தால், ரப்பரால் அழித்தாற்போல முகத்தில் சின்னச் சின்ன உருளைகள் திரளும். பலர் அதைத் தோல் உரிகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உரிவது தோல் அல்ல. ஒன்றோடொன்று ஒட்டாத பூச்சுகள். இந்த நேரத்தைச் சேலை கட்டுவதற்கோ தலை வாருவதற்கோ வைத்துக்கொண்டால் காத்திருப்பதும் தெரியாது.

அடுத்தது ப்ரைமர். கடையில் கிடைக்கும் வழுவழுப்பான ப்ரைமர்களில் பெரும்பாலானவை டைமெதிகோன் போன்ற சிலிகான்களால் ஆனவை. இவை சருமத் துளைகளின் பள்ளத்தை நிரப்பி, மேலே ஒரு மெல்லிய படலத்தை விரிக்கின்றன. ஃபவுண்டேஷன் துளைக்குள் இறங்கிப் புள்ளி புள்ளியாகத் தெரியாமல் இருப்பதற்கும், சருமத்தின் எண்ணெய் அதை எளிதில் கரைத்துவிடாமல் இருப்பதற்கும் இந்தப் படலம் உதவுகிறது. அதனால்தான் ஃபவுண்டேஷனுக்கு முன்னால் இதற்கு இடம். பிறகு போட்டால் பூசியதைக் கலைக்கும் வேலையைத்தான் செய்யும்.

ஒரு பட்டாணி அளவு முழு முகத்துக்கும் தாராளம். நம் மாநிறப் பெண்ணுக்கு அதுகூட வேண்டாம். நெற்றி, மூக்கு, மூக்கை ஒட்டிய கன்னப் பகுதி, தாடை நுனி ஆகிய இடங்களில் மட்டும் விரலால் அழுத்தி ஒற்றினால் போதும். வறண்ட சருமக்காரர்கள் ப்ரைமரை விட்டுவிட்டாலும் நஷ்டமில்லை. நல்ல மாய்ஸ்சரைசரே அவர்களுக்கு அந்த வேலையில் பாதியைச் செய்துவிடும். இந்த ஆறு பொருளில் பணம் குறைவாக இருப்பவர்கள் முதலில் தவிர்க்கக் கூடியது எது என்று கேட்டால், ப்ரைமர்தான்.

ப்ரைமரும் ஃபவுண்டேஷனும் ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா என்பதையும் பார்க்க வேண்டும். சிலிகான் அதிகமுள்ள ப்ரைமர் மேல், தண்ணீரே பெரும்பகுதியான இலேசான ஃபவுண்டேஷன் சில நேரம் நிற்காமல் வழுக்கிப் பிரியும். இரண்டிலும் ஒரு துளி எடுத்துப் புறங்கையில் குழைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒன்றாகக் கலந்தால் முகத்திலும் இணையும். திரிதிரியாகப் பிரிந்தால் முகத்திலும் பிரியும்.

அடுத்தது பேஸ் என்று பார்லரில் சொல்லும் ஃபவுண்டேஷன். வரிசை சரியாக இருந்தும் முகம் கெட்டுப் போவது பெரும்பாலும் இங்கே நடக்கும் நிறத் தவறால்தான். அதனால் இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுக்கலாம்.

நிறம் பார்க்கப் புறங்கையையோ மணிக்கட்டையோ பயன்படுத்தக் கூடாது. அந்தத் தோலின் நிறமும் முகத்தின் நிறமும் ஒன்றல்ல. மூன்று அடுத்தடுத்த நிறங்களை எடுத்து, தாடை எலும்பிலிருந்து கழுத்தை நோக்கி அருகருகே மூன்று கோடாகத் தீட்ட வேண்டும். கடையின் விளக்கு வெளிச்சத்தில் முடிவு செய்யாமல் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அதுவும் உடனே அல்ல, பத்து நிமிடம் கழித்து. சருமத்தின் எண்ணெயும் காற்றும் பட்டுப் பல ஃபவுண்டேஷன்கள் ஒரு படி கறுக்கும், அல்லது ஆரஞ்சு சாயலுக்குத் திரும்பும். போட்ட நொடியில் பொருத்தமாகத் தெரிந்தது மண்டபத்துக்குள் நுழையும்போது செம்பழுப்பாக நிற்பது இதனால்தான். பத்து நிமிடத்துக்குப் பிறகு எந்தக் கோடு தோலில் மறைந்துபோகிறதோ அதுதான் அவருடைய நிறம்.

மணிக்கட்டு நரம்பு நீலமா பச்சையா என்று பார்த்துச் சருமத்தின் சாயலைக் கண்டுபிடிக்கச் சொல்லும் வழி ஒன்று உண்டு. மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் அது சரிவராது; நரம்பின் நிறம் தெளிவாகத் தெரிவதே இல்லை. நம் சருமத்தில் பெரும்பாலும் மஞ்சள் அல்லது பொன் சாயல் இருக்கும். ஒரு சிலருக்குப் பச்சை கலந்த ஆலிவ் சாயல். இளஞ்சிவப்புச் சாயலுள்ள ஃபவுண்டேஷன் இவர்கள் முகத்தில் சாம்பல் பூத்தாற்போல நிற்கும். இன்னொன்று: முகத்துக்கு மஞ்சள் பூசிக் குளிக்கும் வழக்கம் உள்ளவர்கள், மஞ்சள் தேய்த்த நாளில் நிறம் பார்க்கக் கடைக்குப் போக வேண்டாம். அன்று பொருந்துவது அடுத்த வாரம் பொருந்தாது.

சிவப்பாகக் காட்ட வேண்டும் என்று இரண்டு படி வெளிர் நிறத்தை எடுத்துக் கொடுக்கும் விற்பனையாளர்களும் அழகுக்கலைஞர்களும் இன்றும் இருக்கிறார்கள். அதை உறுதியாக மறுத்துவிட வேண்டும். கழுத்தும் காதும் அதே நிறத்தில் இருக்கும்போது முகம் மட்டும் வெளுத்தால் அது அழகும் ஆகாது, இயல்பும் ஆகாது. முன்பெல்லாம் கருநிறத்துக்குப் பொருத்தமான ஃபவுண்டேஷன் கிடைப்பதே அரிதாக இருந்தது. 2017-இல் பாடகி ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி நிறுவனம் ஒரே ஃபவுண்டேஷனை 40 நிறங்களில் கொண்டுவந்த பிறகு, மற்ற நிறுவனங்களும் ஆழ்ந்த நிறங்களைக் கூட்ட வேண்டிய கட்டாயம் வந்தது. இந்தியக் கடைகளிலும் இப்போது தேடினால் கிடைக்கிறது.

பூசும் முறைக்கு வருவோம். ஒரு பம்ப் போதும். புறங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு, மூக்கின் இரு பக்கம், கன்னத்தின் நடு, நெற்றி நடு, தாடை ஆகிய இடங்களில் புள்ளிகளாக வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பரப்ப வேண்டும். கருமையும் தழும்பும் பெரும்பாலும் முகத்தின் நடுவில்தான் இருக்கும். ஓரத்துக்கு வரும்போது பூச்சு தானாகவே மெலிந்து தோலோடு கலந்துவிடும். ஓரத்திலிருந்து தொடங்கினால் காதோரத்திலும் தாடையிலும் கோடு விழும். ஸ்பாஞ்சைத் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஈரம் சொட்டாத பதத்தில் ஒற்ற வேண்டும். உலர்ந்த ஸ்பாஞ்ச் ஃபவுண்டேஷனைத் தானே குடித்துவிடும். தேய்த்து இழுக்காமல் தட்டித் தட்டிப் படிய வைத்தால் அடியில் உள்ள ப்ரைமர் கலையாது.

இந்தக் கட்டத்தில் நம் பெண்ணின் முகத்தில் தழும்பும் கருவளையமும் இன்னும் தெரியும். தெரியட்டும். அவற்றை மறைக்க இரண்டாவது பம்ப் எடுப்பதுதான் முகத்தை முகமூடி ஆக்கும் வேலை. மிச்சத்தைக் கன்சீலர் பார்த்துக்கொள்ளும்.

கன்சீலர் முதலிலா, ஃபவுண்டேஷன் முதலிலா என்பது தொடக்கக்காரர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. திரவ ஃபவுண்டேஷன் என்றால் கன்சீலர் பிறகுதான். ஃபவுண்டேஷனே குறையில் பாதியை மறைத்துவிடுவதால் கன்சீலர் துளியூண்டு போதுமானதாகிறது. முதலில் கன்சீலரை வைத்து அதன் மேல் ஸ்பாஞ்சால் ஃபவுண்டேஷனைத் தட்டினால், மறைத்து வைத்ததை ஸ்பாஞ்ச் துடைத்து எடுத்துவிடும். விதிவிலக்கு ஒன்று உண்டு. திரவத்துக்குப் பதில் காம்பாக்ட் வடிவில் பவுடர் ஃபவுண்டேஷன் போடுகிறவர்கள் கன்சீலரை அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். அங்கே ஃபவுண்டேஷனே உலர்ந்த பொருள். ‘ஈரம் முதலில்’ என்ற விதிதான் இங்கேயும் பேசுகிறது.

தழும்புக்கு ஃபவுண்டேஷனின் அதே நிறக் கன்சீலர் வேண்டும். வெளிர் நிறத்தை வைத்தால் தழும்பு மறையாமல் வெள்ளைப் புள்ளியாக எடுத்துக் காட்டும். மெல்லிய பிரஷ் நுனியால் தழும்பின் மேல் மட்டும் வைத்து, அரை நிமிடம் விட்டு, ஓரத்தை மட்டும் விரலால் தட்டிக் கரைக்க வேண்டும். நடுவைத் தொடக் கூடாது.

கண்ணுக்குக் கீழே கதை வேறு. நம் சருமத்தில் கருவளையம் வெறும் தூக்கமின்மையால் வருவது மட்டுமல்ல; பலருக்குப் பரம்பரையாகவே அந்த இடத்தில் நிறமி அதிகம். அந்த நிறத்தில் நீலமும் சாம்பலும் கலந்திருக்கும். அதன் மேல் வெளிர் கன்சீலரை நேராக வைத்தால் கருமை போகாது, சாம்பல் நிறமாக மாறும். நீலத்தை அடக்குவது ஆரஞ்சு. அதனால் மாநிறத்துக்குப் பீச் நிறக் கரெக்டரும், ஆழ்ந்த நிறத்துக்கு ஆரஞ்சுக் கரெக்டரும் பயன்படுகின்றன. கரெக்டருக்கு வரிசையில் இடம், ப்ரைமருக்கும் ஃபவுண்டேஷனுக்கும் நடுவில். கருமை உள்ள இடத்தில் மட்டும், மிக மெல்லியதாக. வாயைச் சுற்றிய கருமைக்கும் இதே வைத்தியம்தான். அதன் மேல் ஃபவுண்டேஷன் வந்த பிறகு, ஃபவுண்டேஷனை விட அதிகபட்சம் ஒரு படி வெளிரான கன்சீலரை மூன்று சிறு புள்ளிகளாக, கண்ணின் உள் மூலையில் ஒன்று, நடுவில் ஒன்று, வெளி ஓரத்தில் ஒன்று என்று வைத்து, மோதிர விரலால் தட்டிப் பரப்பலாம். மோதிர விரலுக்கு அழுத்தம் குறைவு என்பதால் அதைப் பயன்படுத்துகிறார்கள். இமை முடியை ஒட்டி வரைக்கும் அப்ப வேண்டாம். சிரிக்கும்போது சுருக்கம் விழும் இடம் அது.

இப்போதுதான் பவுடர். பவுடர் போடுவதற்கு முன் ஒரு சின்ன வேலை இருக்கிறது, பலர் இதை விட்டுவிடுகிறார்கள். கண்ணாடியில் நிமிர்ந்து மேலே பார்த்தால், கண்ணுக்குக் கீழே கன்சீலர் ஏற்கெனவே மெல்லிய கோடுகளில் சேர்ந்திருப்பது தெரியும். விரலால் அதை ஒருமுறை தட்டிச் சமன் செய்து, மேலே பார்த்தபடியே உடனே பவுடரை ஒற்ற வேண்டும். கோட்டின் மேல் பவுடர் போட்டால் அந்தக் கோடு அப்படியே உறைந்துவிடும். பிறகு நாள் முழுக்க, வயது ஐந்தாண்டு கூடினாற்போலக் காட்டும்.

பஃப்பைப் பவுடரில் தொட்டு, மிஞ்சியதைப் புறங்கையில் தட்டி உதறி, பிறகு முகத்தில் அழுத்த வேண்டும். அழுத்துவதுதான் முறை, வீட்டில் டால்கம் பவுடரைத் தேய்ப்பது போல இழுத்துத் தேய்த்தால் அடியிலிருக்கும் கன்சீலர் நகரும். நம் பெண்ணுக்கு நெற்றி, மூக்கு, மூக்கோரம், கண்ணடி, வாயைச் சுற்றி ஆகிய இடங்கள் போதும். கன்னத்தில் பெரிய பிரஷ்ஷில் மிஞ்சியிருப்பதை ஒருமுறை தடவினால் சரி. கண்ணுக்குக் கீழே பவுடரைக் குவித்து வைத்துப் பத்து நிமிடம் கழித்துத் தட்டிவிடும் ‘பேக்கிங்’ முறையைத் தொடக்கக்காரர்கள் முயற்சிக்க வேண்டாம். அது பலமான விளக்குகளுக்கும் மேடைக்கும் உரியது. பகல் வெளிச்சத்தில் வறண்டு வெடித்தாற்போல இருக்கும்.

நிறமில்லாத வெள்ளை லூஸ் பவுடர் சிலவற்றில் நுண்ணிய சிலிகா அதிகம். கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. ஆனால் கேமராவின் ஃபிளாஷ் பட்டதும் ஒளியைத் திருப்பி அடித்து, போட்டோவில் கண்ணடியும் மூக்கும் வெள்ளைத் திட்டாக விழும். விசேஷத்துக்குப் போவதற்கு முன், ஃபிளாஷ் போட்டு ஒரு செல்ஃபி எடுத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். மாநிறத்துக்கு மஞ்சள் சாயலுள்ள ‘பனானா’ பவுடரோ, தன் நிறத்துக்குப் பொருந்தும் காம்பாக்டோ வாங்குவதுதான் நல்லது.

ப்ளஷ் பவுடருக்கு முன்னா பின்னா என்பது அது எந்த வடிவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கிரீம், திரவம், ஸ்டிக் வடிவில் இருந்தால் பவுடருக்கு முன். பவுடர் ப்ளஷ் என்றால் பவுடருக்குப் பின். காயாத ஃபவுண்டேஷன் மேல் பவுடர் ப்ளஷ் வைத்தால், பிரஷ் முதலில் பட்ட இடத்தில் அறைந்தது போல ஒரு சிவப்பு ஒட்டிக்கொள்ளும். பிறகு அதைப் பரப்பவும் முடியாது, எடுக்கவும் முடியாது. அடியில் பவுடர் இருந்தால் நிறம் வழுக்கிப் பரவும். தொடங்குகிறவர்களுக்கு பவுடர் ப்ளஷ்தான் கட்டுக்குள் நிற்கும் என்பது இந்தக் கட்டுரையின் கருத்து.

மூக்கிலிருந்து இரண்டு விரல் இடம் விட்டுத் தொடங்கி, கன்ன எலும்பின் மேல் காதின் மேல்நுனியை நோக்கி ஏற்ற வேண்டும். மூக்குக்கு மிக அருகில் வந்தால் சளி பிடித்த முகம் மாதிரித் தெரியும். நிறத்தைப் பொறுத்தவரை, டப்பாவில் அழகாக இருக்கும் வெளிர் ரோஜா நிறம் மாநிறத்தில் சுண்ணாம்புத் தூளாகத்தான் நிற்கும். ஆழ்ந்த பவழம், செங்கல், பெர்ரி, பிளம் போன்ற நிறங்கள் டப்பாவில் பயமுறுத்தும். கன்னத்தில் வைத்ததும் இயல்பான சிவப்பாக மாறிவிடும். பிரஷ்ஷை லேசாகத் தொட்டு, உதறி, இரண்டு தடவையாக ஏற்றுவதே பாதுகாப்பு. அதிகமாகிவிட்டால் தண்ணீர் தொட்டுத் துடைக்கக் கூடாது. ஃபவுண்டேஷன் மிஞ்சியிருக்கும் அதே ஸ்பாஞ்சால் மேலே நான்கு தட்டுத் தட்டினால் அடங்கிவிடும்.

கடைசியாகப் புருவம். சில ஒப்பனைக் கலைஞர்கள் புருவத்தை முதலிலேயே வரைந்துவிட்டு மற்றதைத் தொடங்குவார்கள். கை பழகியவர்களுக்கு அது சரி. புதியவர்களுக்குக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஃபவுண்டேஷனும் பவுடரும் புருவ முடியில் படாமல் தப்பாது. முன்பே வரைந்த கோடு அதில் மங்கி, சாம்பல் பூத்துவிடும். அதைச் சரிசெய்ய மேலே மேலே தீட்டினால் புருவம் தடித்துப் போகும். மேலும், கன்னத்தில் நிறம் ஏறிய பிறகுதான் புருவம் எவ்வளவு அழுத்தமாக வேண்டும் என்பதே கண்ணுக்குத் தெரியும்.

முதலில் சுத்தமான சுருள் பிரஷ்ஷால் முடியை மேல்நோக்கிச் சீவி, ஒட்டிய பவுடரை எடுத்துவிட வேண்டும். பென்சிலை மூக்கோரத்தில் செங்குத்தாக வைத்தால் அது தொடும் இடம் புருவத்தின் ஆரம்பம். மூக்கோரத்திலிருந்து கண்ணின் வெளி மூலை வழியாகச் சாய்த்தால் அது முடியும் இடம். நேராகப் பார்த்தபடி, மூக்கோரத்திலிருந்து கருவிழியின் வெளி விளிம்பு வழியாகச் சாய்த்தால் வளைவின் உச்சி. இந்த மூன்றையும் புள்ளியாகக் குறித்துக்கொண்டு, இடைவெளி உள்ள இடத்தில் மட்டும், முடி வளரும் திசையில் சின்னச் சின்னக் கீற்றாக இழுக்க வேண்டும். ஒரே நீளக் கோடாக இழுக்கக் கூடாது. ஆரம்பம் மிக இலேசாகவும் நடுவிலிருந்து வால் வரை சற்று அழுத்தமாகவும் இருந்தால் இயல்பாக நிற்கும். முடி எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் பென்சில் அடர் பழுப்பாக இருப்பது நல்லது. கண் மைப் பென்சிலையே புருவத்துக்கும் தீட்டும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அது எண்ணெயும் மெழுகும் கூடிய மென்மையான பென்சில்; சென்னை வெயிலில் ஒரு மணி நேரத்தில் நெற்றிப் பக்கம் ஈஷிக்கொள்ளும். த்ரெடிங் செய்வதாக இருந்தால் ஓரிரு நாள் முன்பே முடித்துவிட வேண்டும். அன்றைக்கே செய்தால் சிவந்து எரியும் தோலில் எந்தப் பூச்சும் ஒழுங்காக உட்காராது.

இதன் பிறகு மை, லிப்ஸ்டிக், பொட்டு. ஸ்டிக்கர் பொட்டு வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ப்ரைமரின் சிலிகான் மேல் பொட்டின் பசை பிடிக்காது. தாலாட்டினாற்போல நழுவிக் கொஞ்ச நேரத்தில் விழுந்துவிடும். பொட்டு வைக்கும் இடத்தை மட்டும் டிஷ்யூவால் துடைத்துவிட்டு ஒட்டினால் நாள் முழுக்க நிற்கும்.

மண்டபத்தில் வியர்க்கும். அப்போது கைப்பையிலிருந்து காம்பாக்டை எடுத்து நேராகப் போட்டால், இவ்வளவு நேரம் காப்பாற்றிய வரிசை உடைந்துவிடும். வியர்வையும் எண்ணெயும் கலந்த ஈரத்தில் பவுடர் களியாகிவிடும். முதலில் டிஷ்யூவைத் தேய்க்காமல் ஒற்றி ஈரத்தை எடுக்க வேண்டும். தேவைப்பட்டால் மட்டும் பிறகு பவுடர். வீட்டுக்கு வந்ததும் க்ளென்சிங் எண்ணெயோ பாமோ தடவிப் பூச்சைக் கரைத்து, அதன் பிறகு முகம் கழுவ வேண்டும். வெறும் சோப்புக்கு சிலிகானும் மெழுகும் முழுதாகப் போகாது. ஸ்பாஞ்சையும் அன்றே சோப்புப் போட்டு அலசிக் காற்றில் உலர்த்திவிட வேண்டும். ஈரமான ஸ்பாஞ்சை மூடிய பெட்டிக்குள் வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

முதல் முயற்சியை விசேஷ நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு விடுமுறை நாள் காலையில் இந்த வரிசைப்படி போட்டுக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். வழக்கமான வேலைகளைச் செய்துவிட்டு நான்கு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். மூக்கில் மட்டும் கரைந்திருந்தால் அங்கே பவுடர் போதவில்லை. கண்ணடியில் கோடு விழுந்திருந்தால் கன்சீலர் அதிகம். முகம் முழுக்க ஆரஞ்சாகியிருந்தால் ஃபவுண்டேஷனின் நிறத்தை மாற்றுங்கள். புதிதாக வாங்கும் எதையும் முகத்தில் வைப்பதற்கு முன், காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி ஒரு நாள் முழுவதும் விட்டுப் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அது உங்கள் முகத்துக்கு வேண்டாம்.